விளையாட்டு விழாச் சான்றிதழில் அந்த ஒரு வரி

எங்கள் பள்ளியில் ஆண்டு விளையாட்டு விழா நெருங்கினால் ஓடுதளமும் அணிவகுப்பும் உடற்கல்வி ஆசிரியரின் பொறுப்பு. சான்றிதழ்களின் வாசகமும் கோப்பைகளில் பொறிக்க வேண்டிய வரிகளும் தமிழாசிரியனாகிய என் பொறுப்பு. பல ஆண்டுகளாக இந்தப் பிரிவினை மாறவில்லை. இந்த வேலையை நான் ஏற்றபோது எங்களிடம் இருந்தது ஒரே ஓர் அச்சு வாசகம்தான்: "போட்டியில் கலந்துகொண்டு சிறப்பாகச் செயல்பட்டமையைப் பாராட்டி இச்சான்றிதழ் வழங்கப்படுகிறது." இதில் இலக்கணப் பிழையும் இல்லை, மரியாதைக் குறைவும் இல்லை. ஆனால் குண்டு எறிந்த மாணவிக்கும், தொடர் ஓட்டத்தில் கடைசிச் சுற்றை ஓடிய மாணவனுக்கும், வெயிலில் நின்று சுண்ணாம்புக் கோடு போட்ட பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கும் இதே வரிதான் போய்ச் சேர்ந்தது. வீட்டுச் சுவரில் சட்டமிட்டு மாட்டப்படும் அந்தத் தாளைப் பார்த்து, பிள்ளை அன்று என்ன செய்தது என்பதை யாராலும் சொல்ல முடியாது.

இதை மாற்ற முனைந்தபோது எனக்கு முதலில் தெளிவானது, எல்லாச் சான்றிதழுக்கும் தனித்தனி வாசகம் எழுத முடியாது, எழுதவும் தேவையில்லை என்பது. நூற்றுக்கணக்கான சான்றிதழ்கள் ஒரே மாலையில் கையொப்பமும் முத்திரையும் பெற்று மேடைக்குப் போக வேண்டும். ஆகவே இரண்டு அடுக்காகப் பிரித்துக்கொண்டோம். முதல் மூன்று இடங்களுக்கான சான்றிதழ்கள் ஓர் அடுக்கு. தனிச்சிறப்புக்காகத் தரப்படும் பத்துப் பன்னிரண்டு கோப்பைகளும் கேடயங்களும் மற்றோர் அடுக்கு. முதல் அடுக்குக்கு வேண்டியது அளவீடு; இரண்டாம் அடுக்குக்கு வேண்டியது கண்ணால் கண்ட ஒரு செயல்.

அளவீடு என்று நான் சொல்வது மிக எளிய ஒன்று. "100 மீட்டர் ஓட்டம், 14 வயதுக்குட்பட்ட மாணவியர், இரண்டாம் இடம்" என்று நிறுத்திவிடாமல், அதன் பக்கத்தில் "14.6 விநாடி" என்று எழுதுவதற்கு ஒரு கோடு விட்டு அச்சடித்தால் போதும். அந்த எண் அந்த மாணவிக்கு மட்டுமே உரியது. அடுத்த ஆண்டு அவள் தன்னையே அதனுடன் ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்வாள். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. கையால் இயக்கும் ஸ்டாப்வாட்சில் 14.52 என்று காட்டினால், தடகள விதிப்படி அதை அடுத்த பத்தில் ஒரு பங்குக்கு உயர்த்தி 14.6 என்றே பதிய வேண்டும். நூறில் ஒரு பங்கு வரை எழுதினால் துல்லியமாகத் தோன்றும். ஆனால் மனித விரல் அத்தனை துல்லியமாக இயங்காது என்பதால் அந்த எண் உண்மையாகாது. சான்றிதழ் ஒரு சான்று என்பதால் இந்தக் கண்டிப்பை நாங்கள் தளர்த்துவதில்லை. தாண்டுதலுக்கும் எறிதலுக்கும் மீட்டர் அளவு நடுவரின் தாளிலேயே இருக்கிறது. அதை அப்படியே எடுத்து எழுதுவதற்குக் கையெழுத்து நன்றாக உள்ள இரண்டு மாணவர்களை உட்கார வைத்தால் வேலை நடந்துவிடும். எழுதுவதற்குப் பளபளப்பில்லாத மேட் தாள் வேண்டும். வழவழப்பான தாளில் ஜெல் பேனா மையும் முத்திரை மையும் உலராமல் இழுகி, அடுக்கியதும் அடுத்த சான்றிதழின் முதுகில் ஒட்டிக்கொள்ளும்.

பெயர் விஷயத்தில் பள்ளிப் பதிவேட்டை மட்டும் நம்பாமல், இறுதிப் போட்டிக்குத் தேர்வானவர்களிடம் அவரவர் பெயரைத் தமிழில் தம் கையால் எழுதித் தரச் சொல்கிறோம். தலைப்பெழுத்தை "சு." என்று எழுதுவதா "எஸ்." என்று எழுதுவதா, தனலட்சுமியா தனலக்ஷ்மியா என்பதையெல்லாம் அந்தப் பிள்ளையும் அதன் வீட்டாரும்தான் சொல்ல முடியும். பெயரில் ஓர் எழுத்து தவறினால் அதன் கீழ் எத்தனை அருமையான வரி இருந்தாலும் அது வேறு யாருக்கோ எழுதியதாகவே தோன்றும்.

இனி இரண்டாம் அடுக்கு. சிறந்த விளையாட்டுப் பண்பு, சிறந்த முன்னேற்றம், சிறந்த அணித்தலைவர் என்று விருதின் பெயர்கள் முன்கூட்டியே முடிவாகிவிடும். ஆனால் யாருக்கு, எதற்காக என்பது விழா முடிந்த மறுநாள் ஆசிரியர் அறையில் அமர்ந்து நினைவிலிருந்து தேடினால் கிடைக்காது. அப்படித் தேடும்போது, ஏற்கெனவே எல்லோருக்கும் தெரிந்த, வகுப்பில் முதலிடம் பெறும் பிள்ளையின் பெயரே நினைவுக்கு வரும். அவரைப் பற்றிச் சொல்லக் குறிப்பாக எதுவும் இல்லாததால் "எல்லா வகையிலும் சிறந்து விளங்கியமைக்காக" என்ற வரியும் கூடவே வரும். எனவே தகுதிச் சுற்றுகள் தொடங்கும் நாளிலேயே சிறு அட்டைகளைப் பலரிடம் கொடுத்துவிடுகிறோம். அட்டையில் மூன்றே இடங்கள்: மார்பு எண், போட்டி, கண்டது என்ன. கீழே ஒரு குறிப்பு அச்சிடப்பட்டிருக்கும்: "நல்ல, சிறந்த, அருமையான போன்ற சொற்கள் வேண்டாம். அந்தப் பிள்ளை செய்ததை மட்டும் எழுதவும்."

இந்தக் குறிப்பு இல்லாதபோது எங்களுக்கு வந்த அட்டைகளில் "மிகவும் நல்ல பெண், ரொம்ப முயற்சி எடுத்தாள்" போன்ற வரிகள் இருந்தன. எழுதியவர் எதையோ கண்டு நெகிழ்ந்திருக்கிறார் என்பது தெரிகிறது. ஆனால் அவர் கண்டது என்ன என்பது தாளில் இல்லை. குறிப்பைச் சேர்த்த பிறகு, "எண் 214. தடை ஓட்டம். மூன்றாம் தடையில் விழுந்தார். எழுந்து, மீதமிருந்த தடைகள் எதையும் விடாமல் தாண்டி முடித்தார்" என்று வரத் தொடங்கியது. இதைச் சான்றிதழ் வரியாக மாற்ற அதிகம் பாடுபட வேண்டியதில்லை.

அட்டைகளை யாரிடம் கொடுக்கிறோம் என்பதும் முக்கியம். நடுவர்களின் கண் கோட்டிலும் கடிகாரத்திலும் இருக்கும், இருக்கவும் வேண்டும். முதலுதவி மேசையில் அமர்ந்திருக்கும் ஆசிரியை, தண்ணீர்த் தொட்டியருகே நிற்கும் பணியாளர், போட்டியாளர்களை அழைத்து வரிசைப்படுத்தும் மாணவர்கள் ஆகியோர்தாம் மற்றதைக் காண்கிறார்கள். தோற்ற பிறகு ஒரு பிள்ளை என்ன செய்கிறது, தன் முறை வருவதற்கு முன் யாருக்கு உதவுகிறது என்பதெல்லாம் அவர்களுடைய அட்டைகளில்தான் வருகின்றன. என் அனுபவத்தில் மிக நல்ல அட்டைகள் முதலுதவி மேசையிலிருந்து வந்தவை.

ஓர் அட்டை கோப்பை வாசகமாக மாறிய விதத்தை விரிவாகச் சொல்கிறேன். நீளம் தாண்டுதல் இறுதிச் சுற்று. ஒன்பதாம் வகுப்பு மாணவர் ஒருவர் தாண்டி இறங்கினார். நடுவர் குதிகால் பதிந்த இடத்தில் நாடாவின் முனையை ஊன்றினார். அங்கிருந்து அளந்தால் 5.12 மீட்டர், இரண்டாம் இடம். அப்போது அந்த மாணவர், இறங்கும்போது தன் இடக்கை பின்னால் மணலில் பட்டதாகச் சொல்லி அந்தத் தடத்தைக் காட்டினார். உடலின் எந்தப் பகுதி ஏற்படுத்தியதாக இருந்தாலும், தாண்டும் கோட்டுக்கு மிக அருகில் உள்ள தடத்திலிருந்தே அளக்க வேண்டும் என்பது விதி. நடுவர் குனிந்து பார்த்தார். விரல் நுனிகளின் பதிவு மணலில் தெளிவாக இருந்தது. நாடாவை அங்கே மாற்றி ஊன்றினார். 4.86 மீட்டர். மாணவர் நான்காம் இடத்துக்குப் போனார், பதக்கம் இல்லை. மணலைச் சமன் செய்துகொண்டிருந்த பதினோராம் வகுப்பு மாணவர் இதை அட்டையில் எழுதித் தந்தார்.

விளையாட்டுப் பண்புக்கான கோப்பை இவருக்கே என்பதில் குழுவில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. வாசகத்தில்தான் பேச்சு நீண்டது. சக ஆசிரியர் ஒருவர் எழுதிய முதல் வரைவு, "நேர்மைக்கும் உண்மைக்கும் எடுத்துக்காட்டாகத் திகழ்ந்து சிறந்த விளையாட்டுப் பண்பை வெளிப்படுத்தியமைக்காக" என்று இருந்தது. எந்த வரைவு வந்தாலும் நான் ஒரு சோதனை செய்வேன்: பெயரை எடுத்துவிட்டு வேறொரு பிள்ளையின் பெயரை அங்கே வைத்துப் பார்ப்பேன். வரி அப்போதும் பொருந்தினால் அது இன்னும் எழுதப்படவில்லை என்று பொருள். இந்த வரைவு பள்ளியில் உள்ள எந்தப் பிள்ளைக்கும் பொருந்தியது. கடைத்தெருவில் கிடைத்த பணப்பையைத் திருப்பிக் கொடுத்தவருக்கும் பொருந்தியிருக்கும்.

இரண்டாம் வரைவு, "தனக்குக் கிடைத்த இரண்டாம் இடத்தைத் தியாகம் செய்தமைக்காக" என்றது. இது குறிப்பானதுதான், ஆனால் உண்மையல்ல. அளவு பதிவாகும் முன்பே அவர் தடத்தைக் காட்டினார். எனவே இரண்டாம் இடம் அவருக்குக் கிடைக்கவே இல்லை. தமக்கு உரியதை அவர் விட்டுக்கொடுக்கவும் இல்லை. உரியதல்லாததை ஏற்க மறுத்தார். அவர் செய்தது தியாகத்தைவிடத் துல்லியமான ஒன்று. அதோடு, இந்த வரியைக் கேட்பவர்களுக்கு நடுவர் தவறாக அளந்து பரிசை மாற்றிக் கொடுத்தார் போலவும் தோன்றும். அந்த நடுவரோ மாணவர் சொன்னதும் உடனே குனிந்து பார்த்துத் திருத்திக்கொண்டவர். ஒருவரைப் பாராட்டும் வரி பக்கத்தில் நிற்பவரைச் சிறுமைப்படுத்தக் கூடாது.

மூன்றாவதாக நான் எழுதியது இது: "நீளம் தாண்டுதல் இறுதிச் சுற்றில், நடுவர் அளக்கத் தொடங்கியபோது, மணலில் தம் கை பதிந்திருந்த இடத்தைத் தாமே சுட்டிக்காட்டி, அங்கிருந்து அளக்கச் செய்தமைக்காக." நேர்மை என்ற சொல்லே இதில் இல்லை, படிப்பவர் அந்தச் சொல்லைத் தாமே சொல்லிக்கொள்வார். அட்டை எழுதிய மாணவரிடமும் நடுவரிடமும் தனித்தனியாக இந்த வரியைக் காட்டி, நடந்தது இதுதானா என்று உறுதிசெய்துகொண்டேன். பிறகு அந்த மாணவரையும் அழைத்துக் காட்டினேன். அவர் பரிசை இழந்த செய்தியைப் பள்ளி முழுவதும் கேட்கப்போகிறது. அதில் அவருக்குச் சம்மதமா என்று தெரிந்துகொள்வது என் கடமை என்று நினைத்தேன். அவர் சற்று யோசித்து, "நாலாவது இடம்னு போட வேண்டாம் ஐயா, 4.86 மட்டும் போடுங்க" என்றார். அப்படியே செய்தோம். சான்றிதழில் "தாண்டிய தூரம்: 4.86 மீட்டர்" என்று கீழே ஒரு வரி வந்தது, அந்த எண் எப்படி வந்தது என்பதை மேலே உள்ள வரி சொன்னது.

செயலைச் சுருக்கமாகச் சொல்லிப் பெருமைப்படுத்துவது நம்மிடம் மிகப் பழைய வழக்கம். திருவண்ணாமலை மாவட்டத்துச் செங்கம் வட்டார நடுகற்களைப் படித்துப் பார்த்தால் இது விளங்கும். 7ஆம் நூற்றாண்டில், மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில் நடப்பட்ட எடத்தனூர் நடுகல், எருமைகளைக் காத்து இறந்த வீரனின் பெயரைச் சொல்கிறது. அவனுடன் இருந்த நாயின் பெயர் கோவிவன் என்றும், அது கள்வரைக் கடித்துக் காத்து நின்றது என்றும் சொல்கிறது. அடைமொழிகளை அடுக்காமல், ஆட்சியாண்டு, பெயர், செய்த செயல் என்ற அளவிலேயே அந்தக் கல்வெட்டு நிற்கிறது. வாசகம் எழுத உட்காரும் இளம் ஆசிரியர்களுக்கு நான் முதலில் படிக்கக் கொடுப்பது இதைத்தான்.

முன்னேற்றத்துக்கான விருது வேறு வகையான கவனத்தைக் கேட்கிறது. கடைசியாக வந்த பிள்ளைக்கு ஆறுதலாக ஒரு பரிசு என்ற எண்ணத்தில் "விடாமுயற்சிக்காக" என்று எழுதித் தந்தால், அந்தப் பிள்ளை அதை உடனே புரிந்துகொள்ளும், கூட்டமும் புரிந்துகொள்ளும். இரக்கம் வாசகத்தில் தெரியாமல் இருக்க ஒரே வழி, அந்த மாணவியை மற்றவர்களோடு ஒப்பிடாமல் சென்ற ஆண்டின் அவரோடே ஒப்பிடுவது. அதற்குச் சென்ற ஆண்டின் நடுவர் தாள்கள் கையில் இருக்க வேண்டும். பெரும்பாலான பள்ளிகளில் விழா முடிந்ததும் அந்தத் தாள்கள் குப்பைக்குப் போய்விடுகின்றன. எங்கள் உடற்கல்வி ஆசிரியர் அவற்றை ஆண்டுவாரியாகக் கட்டி வைக்கிறார். அதனால்தான், "சென்ற ஆண்டு 5.40 மீட்டர் எறிந்த குண்டை, அதே எடையில் இவ்வாண்டு 6.85 மீட்டர் எறிந்தமைக்காக" என்று ஒரு மாணவிக்கு எழுத முடிந்தது. "அதே எடையில்" என்பதை விடக் கூடாது. வயதுப் பிரிவு மாறும்போது குண்டின் எடையும் மாறக்கூடும், மாறியிருந்தால் ஒப்பீடே பொருந்தாது. அந்த மாணவி அன்று முதல் மூன்று இடங்களில் இல்லை. ஆனால் வரியில் ஆறுதல் தொனி எங்கும் இல்லை. இரண்டு எண்களுக்கு இடையே ஓராண்டுப் பயிற்சி இருக்கிறது.

எழுதக் கூடாதவை பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு. ஒரு பள்ளியின் விழாவுக்கு விருந்தினராகச் சென்றிருந்தபோது, ஒரு மாணவியின் சான்றிதழை ஒலிபெருக்கியில் படித்தார்கள். "தந்தையை இழந்த வறுமை நிலையிலும் மனம் தளராது" என்று அது தொடங்கியது. எழுதியவருக்கு நல்ல எண்ணம்தான் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்தப் பெண் அன்று 800 மீட்டரில் முதலாவதாக வந்திருந்தாள். மேடையேறியபோது கூட்டத்தின் பார்வை அவளுடைய ஓட்டத்திலிருந்து அவளுடைய வீட்டுக்குத் திரும்பிவிட்டது. அவள் தலைகுனிந்து கோப்பையை வாங்கியதை இன்றும் மறக்க முடியவில்லை. குடும்பச் சூழல், நோய், உடற்குறை, சாதி, ஊர் ஆகிய எவையும் வாசகத்தில் வரக் கூடாது என்பதை எங்கள் பள்ளியில் எழுத்திலேயே வைத்திருக்கிறோம். மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கும் அதே விதிதான்: எந்தப் போட்டி, என்ன அளவு, என்ன செயல். "குறையையும் மீறி" என்ற சொற்றொடரை யார் எழுதி வந்தாலும் நான் அடித்துவிடுவேன்.

மேடையில் படிப்பதற்குத் தனி வடிவம் வேண்டும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. தாளில் பெயர் மேலே பெரிதாக இருக்கும். செயல் கீழே வரும். அதே வரிசையில் ஒலிபெருக்கியில் படித்தால், பெயரைக் கேட்டவுடனேயே அந்த அணியினர் ஆரவாரம் செய்யத் தொடங்குவார்கள். காரணத்தைச் சொல்லும் பகுதி யார் காதிலும் விழாது. ஆகவே அறிவிப்பாளரின் தாளில் வாக்கியத்தைத் திருப்பி எழுதித் தருகிறேன்: "நீளம் தாண்டுதலில், மணலில் தம் கை பதிந்த இடத்தை நடுவருக்குத் தாமே காட்டிய மாணவர், ஒன்பதாம் வகுப்பு ஆ பிரிவு..." என்று சென்று, பெயர் கடைசிச் சொல்லாக வரும். தமிழ் வாக்கியம் இதற்கு இயல்பாகவே இடம் கொடுக்கிறது. செயலைக் கேட்கும்போது கூட்டம் அது யாரென்று அறியக் காத்திருக்கும். பெயர் வந்ததும் கைதட்டல் எழும். ஒரு மூச்சில் படிக்க முடியாத வாக்கியத்தை இரண்டாக வெட்டிவிடுவேன். படிப்பவர் முதல் நாளே உரக்கப் படித்துப் பார்க்க வேண்டும். எந்தப் பெயரில் எங்கே அழுத்தம் என்பதை அப்போதே பென்சிலால் குறித்துக்கொள்ளலாம்.

கோப்பையின் தகட்டில் இந்த நீளத்துக்கு இடமில்லை. சிறிய கோப்பைத் தகட்டில் மூன்று வரிகளுக்கு மேல் பொறித்தால் எழுத்து சிறுத்து, "ழு", "ணு", "ஞ" போன்றவற்றின் சுழிகள் அடைபட்டுப் போகும். அதனால் தகட்டில் விருதின் பெயர், ஆண்டு, மாணவரின் பெயர், அதன் கீழ் நான்கைந்து சொற்களில் செயல் என்று வைத்துக்கொள்கிறோம். நீளம் தாண்டிய மாணவரின் தகட்டில் "தன் கைத்தடத்தைத் தானே காட்டியவர்" என்று பொறித்தோம். முழு வாசகம் சான்றிதழில் இருப்பதால் தகட்டு வரி இத்தனை சுருங்கலாம். சான்றிதழ் இல்லாமல் கோப்பை மட்டும் தருவதாக இருந்தால் போட்டியின் பெயரையும் சேர்த்திருப்பேன்.

பொறிக்கும் கடையில் இன்னொரு கவனம் தேவை. நாம் யூனிகோடில் தட்டச்சு செய்து அனுப்பும் வரியைச் சில கடைகளில் பழைய எழுத்துருவுக்கு மாற்றியே இயந்திரத்தில் ஏற்றுவார்கள். அந்த மாற்றத்தில் கொம்புகள் இடம் மாறும். "கொ", "தோ" போன்றவை உடைந்து, கொம்பு தனியாகவும் கால் தனியாகவும் நிற்கும். தமிழ் படிக்கத் தெரியாத பணியாளர் இயந்திரத்தை இயக்கினால் அது அப்படியே உலோகத்தில் ஏறிவிடும். ஆகவே பொறிப்பதற்கு முன் திரையில் தெரியும் வடிவத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்லி, ஒவ்வோர் எழுத்தாகப் படித்து ஒப்புதல் தருகிறேன். தனிச்சிறப்பு விருதுகளைத் தகுதிச் சுற்றுகளின் அட்டைகளைக் கொண்டு முடிவு செய்தால், விழாவுக்கு முன் இதற்கெல்லாம் சில நாள் கிடைக்கும். இறுதிப் போட்டி நாளில் நிகழ்பவற்றுக்கு வெற்றுத் தகட்டுடன் கோப்பையை மேடையில் கொடுத்து, வாசகத்தை மட்டும் படித்து, தகட்டை அடுத்த வாரம் பொறித்து ஒட்டித் தருகிறோம். நீளம் தாண்டுதலும் அப்படித்தான் நடந்தது; அவசரமாகப் பொறிக்கும் பொதுவான வரியைவிட ஒரு வாரம் காத்திருந்து பெறும் சரியான வரியையே பிள்ளைகள் விரும்புகிறார்கள்.

ஒவ்வோர் ஆண்டும் எழுதிய வாசகங்களை ஒரு நீளக் குறிப்பேட்டில் படியெடுத்து வைக்கிறேன். புதிய வரியை எழுதும் முன் பழையவற்றைப் புரட்டிப் பார்த்தால், "தளராது", "ஊக்கத்துடன்" என்று என் கை தன்னால் எழுதும் சொற்கள் தெரியவரும், அவற்றை விலக்கிக்கொள்வேன். சுழற்கோப்பைகளுக்கு இது இன்னும் அவசியம். ஆண்டுதோறும் அடுத்தடுத்து ஒட்டப்படும் தகடுகளில் ஒரே வரி இரண்டு பெயர்களுக்குக் கீழே இருந்தால், கோப்பையைக் கையில் வாங்கும் பிள்ளை முதலில் பார்ப்பது அதைத்தான்.